மூன்று ஆண்டுகளில் உரித்தாகும் பங்குத் தெரிவுரிமை: முதல் ஆண்டிலேயே ஏன் இவ்வளவு செலவினம்?

இரணைமடு வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கிளிநொச்சியில் உள்ள ஒரு சிறிய மென்பொருள் கம்பனியில் கணக்குகளைப் பார்க்கிறேன். எங்கள் பணிப்பாளர்கள் பத்து ஊழியர்களுக்குப் பங்குத் தெரிவுரிமை, அதாவது கம்பனியின் பங்கைப் பிற்காலத்தில் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை, வழங்கியிருக்கிறார்கள். அலுவலகத்தில் எல்லோரும் ஒப்ஷன் என்றுதான் சொல்கிறார்கள். ஒருவருக்கு 900 தெரிவுரிமைகள். 2023 ஏப்பிரல் 1 இலிருந்து எண்ணி, ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31 இல் வேலையில் இருப்பவருக்கு 300 வீதம் உரித்தாகும். 2026 மார்ச் 31 இல் முழுவதும் உரித்தாகிவிடும். வேலையில் தொடர்ந்திருப்பதைத் தவிர வேறு நிபந்தனை எதுவும் இல்லை.

ஒரு தெரிவுரிமையின் நியாயப் பெறுமதி 40 ரூபா என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அப்படியானால் மொத்தம் 360,000 ரூபா. மூன்று ஆண்டுகள் என்பதால் ஆண்டுக்கு 120,000 என்று நான் வரைவுக் கணக்கில் போட்டேன். கணக்காய்வாளரிடமிருந்து வந்த குறிப்பில் முதல் ஆண்டுக்கு 220,000 என்று இருக்கிறது, விளக்கம் எதுவும் இல்லை. புதிய முதலீட்டாளர் கேட்டதால் முழு இலங்கை நிதி அறிக்கையிடல் நியமங்களின்படி 2024, 2025 மார்ச்சில் முடிந்த இரண்டு ஆண்டுகளின் கணக்குகளையும் ஒன்றாகவே தயாரிக்கிறோம். இன்னொரு சிக்கல், 2024 ஓகஸ்டில் இருவர் வேலையை விட்டுச் சென்றுவிட்டார்கள். இந்த 220,000 எங்கிருந்து வருகிறது என்று யாராவது விளக்க முடியுமா?

முறிகண்டி எழுதியது:

தம்பி, உங்கள் 120,000 தான் சரி என்று நினைக்கிறேன். நான் சில ஆண்டுகளாக அமெரிக்க வாடிக்கையாளர்களின் கணக்குகளை இங்கிருந்து செய்து கொடுக்கிறேன். அங்கே இதே மாதிரியான திட்டங்கள் நிறைய வருகின்றன. மொத்தப் பெறுமதியை மொத்தக் காலத்தால் வகுத்துச் சமமாகப் பிரிப்பதே வழக்கம். ஓர் ஊழியர் மூன்று ஆண்டுகளும் ஒரே அளவுதானே உழைக்கிறார்? முதல் ஆண்டில் மட்டும் ஏன் இரட்டிப்பாக உழைத்ததாகக் காட்ட வேண்டும்? கணக்காய்வாளரிடம் கேளுங்கள், அவர் பிழையாகக் கணக்கிட்டிருக்கக்கூடும்.

வவுனியா வாணி எழுதியது:

முறிகண்டி அண்ணா சொல்வது அமெரிக்க நியமத்துக்குப் பொருந்தும். அங்கே தலைப்பு 718 இன் கீழ், சேவை நிபந்தனை மட்டும் உள்ள திட்டத்துக்குச் சமமாகப் பிரிக்கும் முறையைக் கம்பனி தெரிவுசெய்யலாம். அதிலும் ஒரு கட்டுப்பாடு உண்டு: எந்தத் திகதியிலும் அதுவரை பதியப்பட்ட மொத்தச் செலவினம் அதுவரை உரித்தான பகுதியின் பெறுமதிக்குக் குறையக் கூடாது. ஆனால் நாங்கள் பின்பற்றுவது சர்வதேச நிதி அறிக்கையிடல் நியமம் 2 ஐ அடியொற்றிய இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 2. அதில் அந்தத் தெரிவு இல்லை.

இங்கே அடிப்படையே வேறு. 300, 300, 300 என்று மூன்று திகதிகளில் உரித்தாகும் வழங்கலை ஒரே வழங்கலாகப் பார்க்காமல், ஒரே நாளில் கொடுக்கப்பட்ட மூன்று தனித்தனி வழங்கல்களாகப் பார்க்க வேண்டும். முதல் தவணையைப் பெற ஊழியர் ஓராண்டு மட்டுமே வேலை செய்ய வேண்டும், ஆகவே அதன் செலவினம் முழுவதும் முதல் ஆண்டுக்குரியது. இரண்டாவது தவணைக்கு அவர் இரண்டு ஆண்டுகள் வேலை செய்ய வேண்டும், அந்த இரண்டில் ஒன்று முதல் ஆண்டுதான். மூன்றாவதுக்கும் அப்படியே, அதற்கான உழைப்பு முதல் நாளிலிருந்தே தொடங்குகிறது. முதல் ஆண்டில் மூன்று தவணைகளும் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடுகின்றன. மூன்றாம் ஆண்டில் ஒன்று மட்டுமே மிஞ்சுகிறது.

ஓர் ஊழியருக்கு ஒரு தவணையின் பெறுமதி 300 × 40, அதாவது 12,000 ரூபா. முதல் ஆண்டுக்கு முதல் தவணையிலிருந்து 12,000, இரண்டாவதிலிருந்து அதன் பாதி 6,000, மூன்றாவதிலிருந்து மூன்றில் ஒன்றாகிய 4,000. கூட்டினால் 22,000. பத்துப் பேருக்கு 220,000. உங்கள் கணக்காய்வாளரின் எண் இப்படித்தான் வந்தது. இரண்டாம் ஆண்டுக்கு ஒருவருக்கு 10,000, மூன்றாம் ஆண்டுக்கு 4,000 என்று இறங்கிக்கொண்டே போகும். மூன்றையும் சேர்த்தால் அதே 36,000 தான், மொத்தம் மாறுவதில்லை.

மூன்று ஆண்டு முடிவில் 900 உம் ஒரேயடியாக உரித்தாகும் என்று கடிதத்தில் எழுதியிருந்தால் ஆண்டுக்கு 120,000 என்ற உங்கள் கணக்கு சரியாக இருந்திருக்கும். தவணை தவணையாக உரித்தாகும் என்ற ஒரு வரிதான் செலவினத்தை முன்னுக்கு இழுக்கிறது. பணிப்பாளர்கள் இந்தத் திட்டங்களை வரையும்போது இதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை என்பது என் அனுபவம்.

நெல் ஆலை ஐயா எழுதியது:

கணக்கு எனக்குப் புரிகிறது, ஆனால் அடிப்படையே புரியவில்லை. கம்பனியிலிருந்து ஒரு ரூபா கூட வெளியே போகவில்லை. ஊழியர் பிற்காலத்தில் பங்கு வாங்கும்போது அவர்தான் பணம் கொண்டு வருகிறார். அப்படியிருக்க எதற்காக இலாபத்தைக் குறைத்துக் காட்ட வேண்டும்? வங்கியில் கடன் கேட்கப் போகும் சின்னக் கம்பனிக்கு இது பெரிய அநியாயம் அல்லவா?

வவுனியா வாணி எழுதியது:

ஐயா, வெட்டுக்கூலியைப் பணமாகக் கொடுக்காமல் நெல் மூட்டையாகக் கொடுத்தாலும் அது கூலிதான் என்று நீங்களே கணக்கில் எழுதுவீர்கள். இங்கே ஊழியரின் உழைப்புக்குக் கொடுக்கப்படுவது பங்கு வாங்கும் உரிமை.

வங்கி விடயத்தில் ஓர் ஆறுதல் உண்டு. பதிவில் ஊழியர் செலவினத்தை வரவு வைத்து, உரிமையாண்மைக்குள் இருக்கும் பங்குத் தெரிவுரிமை ஒதுக்கத்தைச் செலவு வைக்கிறோம். இலாபம் 220,000 குறைவதால் நிறுத்திவைத்த உழைப்பும் அதே அளவு குறையும், ஆனால் ஒதுக்கம் 220,000 கூடும். உரிமையாண்மையின் மொத்தம் அசையாது. கடன்பொறுப்பு எதுவும் உருவாவதில்லை. காசுப் பாய்ச்சல் கூற்றில் இதைக் காசல்லாத செலவினமாக இலாபத்துடன் திரும்பக் கூட்டிவிடுவோம். வங்கி அதிகாரி அந்தக் கூற்றைப் படித்தால் புரிந்துகொள்வார். படிப்பாரா என்பது வேறு கதை.

இரணைமடு வாசி எழுதியது:

மிக்க நன்றி அக்கா. இனி விட்டுச் சென்ற இருவரின் விடயம். அவர்களுக்கு 2024 மார்ச்சில் முதல் 300 உரித்தாகிவிட்டது. ஆனால் இருவரும் அந்தப் பங்குகளை வாங்கவில்லை, கடிதத்தின்படி வேலையை விட்டு 90 நாட்களுக்குள் வாங்காவிட்டால் உரிமை காலாவதியாகும். அந்த 90 நாட்களும் கடந்துவிட்டன. அவர்களுக்காக முதல் ஆண்டில் பதிந்ததைத் திருப்பி எழுத வேண்டுமா?

முறிகண்டி எழுதியது:

அமெரிக்க முறை வேறு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு எந்த நாடாக இருந்தாலும் பதில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அவர்கள் பங்கு எடுக்கவில்லை, இனி எடுக்கவும் முடியாது. எடுக்காத ஒன்றுக்கு எப்படிச் செலவினம் இருக்கும்? இருவரின் 44,000 ஐயும் இரண்டாம் ஆண்டில் திருப்பி எழுதிவிடுங்கள்.

வவுனியா வாணி எழுதியது:

பாதி சரி அண்ணா. அந்த 44,000 இல் இரண்டு வேறு வகைத் தொகைகள் கலந்திருக்கின்றன.

இருவரின் முதல் தவணை 24,000 ரூபா. அதற்குத் தேவையான ஓராண்டுச் சேவையை அவர்கள் முழுமையாகக் கொடுத்துவிட்டார்கள், தெரிவுரிமை உரித்தாகிவிட்டது. அதன் பிறகு அவர்கள் அதைப் பயன்படுத்தாமல் விட்டது அவர்களுடைய முடிவு. கம்பனி பெற்ற சேவை அதனால் இல்லாமற்போவதில்லை. ஆகவே உரித்தான பிறகு செலவினத்தைத் திருப்பி எழுத நியமம் இடம் கொடுப்பதில்லை. விரும்பினால் ஒதுக்கத்திலிருந்து நிறுத்திவைத்த உழைப்புக்கு உரிமையாண்மைக்குள்ளேயே மாற்றலாம், இலாபத்தின் வழியாக அல்ல. பங்கின் விலை விழுந்து யாருமே வாங்காமற்போனாலும் இதே விதிதான். முதன்முறை பார்ப்பவர்களுக்கு இது மிகவும் கசப்பாக இருக்கும்.

மற்றைய 20,000 இரண்டாம், மூன்றாம் தவணைகளுக்காக முதல் ஆண்டில் பதியப்பட்டது. அந்தத் தவணைகள் உரித்தாகும் முன்பே அவர்கள் சென்றுவிட்டார்கள், சேவை நிபந்தனை நிறைவேறவில்லை. அது போக வேண்டும், ஆனால் தனி மாற்றுப் பதிவு தேவையில்லை. ஒவ்வோர் ஆண்டு முடிவிலும் இதுவரை எவ்வளவு பதியப்பட்டிருக்க வேண்டும் என்று புதிதாகக் கணக்கிட்டு, முன்பு பதிந்ததைக் கழித்தால் அது தானாகவே சரியாகிவிடும்.

2025 மார்ச் 31 இல் செய்து பாருங்கள். இரண்டாம் தவணை எட்டுப் பேருக்கு உரித்தாகிறது, 8 × 12,000 என்பது 96,000. முன்பு பதிந்தது 60,000. ஆகவே இந்த ஆண்டுக்கு 36,000. மூன்றாவது தவணையில் எட்டுப் பேரும் இருப்பார்கள் என்று எதிர்பார்த்தால் 96,000 இன் மூன்றில் இரண்டு 64,000. முன்பு பதிந்தது 40,000. ஆகவே 24,000. இரண்டாம் ஆண்டின் செலவினம் 60,000. எட்டுப் பேரும் இறுதிவரை இருந்தால் மூன்றாம் ஆண்டில் 32,000 வரும். 220,000, 60,000, 32,000 என்று கூட்டினால் 312,000. உண்மையில் உரித்தான தெரிவுரிமைகள் 3,000, 2,400, 2,400 என 7,800. அதை 40 ஆல் பெருக்கினாலும் அதே 312,000. இந்த இரண்டு எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால் விரிதாளில் எங்கோ பிழை இருக்கிறது என்று பொருள்.

ஒட்டுசுட்டான் பெடியன் எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், இதே போன்ற ஒன்று எனக்கும் இருக்கிறது. எங்கள் அலுவலகம் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் துணைக்கம்பனி. எனக்குக் கிடைத்திருப்பது தாய்க்கம்பனியின் பங்குகளுக்கான ஒப்ஷன். நான்கு ஆண்டுகளில் உரித்தாகும். இப்போது விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று எப்படிக் கணக்கிடுவது?

வவுனியா வாணி எழுதியது:

தம்பி, நாங்கள் இங்கே பேசுவது கம்பனியின் புத்தகத்தில் செலவினம் எப்படி வரும் என்பதைப் பற்றி. உங்கள் கைக்கு எவ்வளவு வரும் என்பது வேறு கேள்வி, அதற்குப் பங்கின் அன்றைய விலையும் உங்கள் கடிதத்தில் உள்ள கொள்முதல் விலையும் வேண்டும். உரித்தாகாததை விற்கவே முடியாது, உரித்தானதையும் பெரும்பாலும் வேறொருவருக்கு மாற்ற முடியாது என்று கடிதத்தில் இருக்கும். முதலில் அதைப் படியுங்கள்.

ஆனால் உங்கள் அலுவலகத்துக் கணக்காளருக்கு ஒன்றைச் சொல்லிவிடுங்கள். பங்கு தாய்க்கம்பனியுடையது, துணைக்கம்பனி ஒரு சதமும் கொடுக்கவில்லை என்பதற்காக இங்குள்ள கணக்கில் ஒன்றுமே பதியாமல் விடக்கூடாது. உழைப்பைப் பெறுவது துணைக்கம்பனிதான். அது செலவினத்தை இதே தவணை முறையில் பதிந்து, மறுபக்கத்தைத் தாய்க்கம்பனியின் மூலதனப் பங்களிப்பாக உரிமையாண்மையில் காட்ட வேண்டும்.

மாங்குளம் சந்தி எழுதியது:

வாணி சொன்ன தவணைக் கணக்கில் எனக்கு முரண்பாடு இல்லை. ஆனால் அந்த எட்டு, பத்து என்ற எண்களில்தான் என் சந்தேகம். நான் வேறொரு கணக்காய்வு நிலையத்தில் வேலை செய்கிறேன். முதல் ஆண்டு முடிவில் பத்துப் பேரும் இருப்பார்கள் என்று இரணைமடு எதன் அடிப்படையில் எடுத்துக்கொண்டார்? எத்தனை தெரிவுரிமைகள் உரித்தாகும் என்பதற்கு அன்றைய திகதியில் கிடைக்கும் தகவலின்படி மிகச் சிறந்த மதிப்பீட்டைப் போட வேண்டும் என்பதே விதி. வன்னியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் மூன்று ஆண்டுகளில் ஒருவர் கூடக் கொழும்புக்கோ கனடாவுக்கோ போகமாட்டார் என்று மதிப்பிடுவது நம்பக்கூடியதா?

இரண்டு ஆண்டுகளின் கணக்குகளையும் இப்போது ஒன்றாகச் செய்வதால் இன்னொரு பொறி இருக்கிறது. ஓகஸ்டில் இருவர் சென்றார்கள் என்று இன்று தெரிந்திருப்பதைப் பின்னோக்கிக் கொண்டுபோய் 2024 மார்ச்சின் மதிப்பீட்டில் நுழைக்கக் கூடாது. அன்று அலுவலகத்துக்கு என்ன தெரியும் என்பதுதான் கேள்வி.

இரணைமடு வாசி எழுதியது:

உண்மையைச் சொன்னால், ஒருவர் 2024 பெப்ரவரியிலேயே விசா கிடைத்துவிட்டது, ஆவணியில் போகிறேன் என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தார். மற்றவர் திடீரென்று போனார். கம்பனி தொடங்கி நான்கு ஆண்டுகள்தான் ஆகின்றன, முன்பு போனவர்கள் மிகக் குறைவு, வீதம் என்று சொல்வதற்குப் போதிய வரலாறு இல்லை.

வவுனியா வாணி எழுதியது:

மாங்குளம் அண்ணா நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறார். அந்த மின்னஞ்சல் இருந்தால் 2024 மார்ச்சில் இரண்டாம், மூன்றாம் தவணைகளுக்கு ஒன்பது பேர் என்றே எடுக்க வேண்டும். அப்போது முதல் தவணை 120,000 ஆகவே நிற்கும், இரண்டாவது 54,000, மூன்றாவது 36,000. முதல் ஆண்டு 210,000 ஆகும். இரண்டாம் ஆண்டு 60,000 க்குப் பதிலாக 70,000 ஆகும். மொத்தம் மாறாது, 10,000 ரூபா ஓர் ஆண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்கு நகர்கிறது. அந்த மின்னஞ்சலை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிடுங்கள், கணக்காய்வாளரின் 220,000 க்கு எதிராகக் காட்ட வேண்டிய சான்று அதுதான்.

வரலாறு இல்லாத கம்பனி, ஆளாளாகப் பெயர் சொல்லி மதிப்பிடுவதில் தவறில்லை. பத்துப் பேர்தானே.

முறிகண்டி எழுதியது:

40 ரூபா என்ற பெறுமதியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே? சந்தையில் இல்லாத கம்பனியின் ஒப்ஷனுக்கு அதை யார், எந்தத் திகதியில் மதிப்பிட்டார்கள்?

இரணைமடு வாசி எழுதியது:

கொழும்பில் ஒரு மதிப்பீட்டாளர், பிளாக் ஷோல்ஸ் மாதிரியால், 2023 ஏப்பிரல் 1 ஆம் திகதிக்கு. மூன்று தவணைக்கும் ஒரே 40 தான். பணிப்பாளர் சபை அன்றுதான் அங்கீகரித்துக் கடிதம் கொடுத்தது. ஆனால் எங்கள் சங்கவிதிகளின்படி புதிய பங்கு ஒதுக்கத்துக்குப் பங்குதாரர்களின் தீர்மானம் வேண்டும். அது யூலை பிற்பகுதியில்தான் நிறைவேறியது. அதற்கு முன் யூனில் புதிய முதலீட்டாளர் பங்கு வாங்கினார், ஏப்பிரல் மதிப்பீட்டைவிடக் கூடிய விலைக்கு.

மாங்குளம் சந்தி எழுதியது:

அப்படியானால் 40 ரூபாவே கேள்விக்குரியது. வழங்கல் அங்கீகாரத்துக்கு உட்பட்டதாக இருந்தால் வழங்கல் திகதி அங்கீகாரம் கிடைத்த நாள்தான். நியாயப் பெறுமதி யூலைக்கு அளக்கப்பட வேண்டும். ஊழியர்கள் ஏப்பிரலிலிருந்தே உழைக்கத் தொடங்கிவிட்டதால் செலவினம் ஏப்பிரலிலிருந்தே ஓடும். ஏப்பிரலுக்கும் யூலைக்கும் இடையில் ஒரு மதிப்பீட்டை வைத்துப் பதிந்து, யூலையில் உண்மைப் பெறுமதி தெரிந்ததும் திருத்திக்கொள்ள வேண்டும். அதன் பிறகு அந்தப் பெறுமதி பூட்டப்பட்டுவிடும், பங்கு விலை ஏறினாலும் இறங்கினாலும் அதைத் தொட முடியாது.

2023 இல் இந்த நான்கு மாதம் சாதாரணமானதல்ல. ஏப்பிரலில் திறைசேரி முறிகளின் வட்டி 20 வீதத்துக்கு மேல் இருந்தது. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்ட பின் யூலையில் கணிசமாகக் குறைந்துவிட்டது. மாதிரிக்குள் போகும் வட்டி வீதம் குறைந்தால் தெரிவுரிமையின் பெறுமதி குறையும். பங்கின் விலை கூடினால் அது கூடும். இரண்டும் எதிர்த்திசையில் இழுக்கும்போது விடை 40 க்கு மேலா கீழா என்று இங்கிருந்து சொல்ல முடியாது, மதிப்பீட்டாளரிடம் யூலைக்கு மறுபடியும் ஓட்டச் சொல்லுங்கள். மூன்று தவணைக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். பின்னால் உரித்தாவது பொதுவாக அதிக காலம் கையில் இருக்கும் என்பதால் அதன் பெறுமதியும் சற்றுக் கூடவே வரும்.

வவுனியா வாணி எழுதியது:

ஒரு கேள்வி, இரணைமடு. ஏப்பிரல் 1 இல் பங்குதாரர்கள் யார்?

இரணைமடு வாசி எழுதியது:

மூன்று பணிப்பாளர்கள்தான், நூறு வீதமும் அவர்களிடமே இருந்தது. யூனில் முதலீட்டாளர் வந்த பிறகும் அவர்களிடம் 80 வீதத்துக்கு மேல் இருந்தது. தீர்மானத்தில் முதலீட்டாளரும் கையொப்பமிட்டார்.

வவுனியா வாணி எழுதியது:

அப்படியானால் நான் மாங்குளம் அண்ணாவுடன் முழுமையாக உடன்படவில்லை. பங்குதாரர்கள் மூவரும் ஏப்பிரலிலேயே பணிப்பாளர்களாகக் கையொப்பமிட்டுவிட்டார்கள். யூலைத் தீர்மானம் வெறும் சம்பிரதாயம் என்று வாதிட இடமிருக்கிறது. ஊழியருக்கும் கம்பனிக்கும் நிபந்தனைகளைப் பற்றிய பொதுவான புரிதல் ஏப்பிரலிலேயே இருந்தது. விலை, எண்ணிக்கை, தவணை எதுவும் யூலையில் மாறவில்லையே?

மாங்குளம் சந்தி எழுதியது:

மாறவில்லை என்றாலும், யூலையில் புதிய முதலீட்டாளர் கையொப்பமிட்டிருக்கிறார். அவருடைய ஒப்பந்தத்தில் புதிய பங்கு ஒதுக்கத்தை மறுக்கும் உரிமை இருந்தால் அது சம்பிரதாயம் ஆகாது. அந்த ஒப்பந்தத்தைப் பார்க்காமல் என்னால் இதற்கு மேல் சொல்ல முடியாது.

இரணைமடு வாசி எழுதியது:

ஒப்பந்தத்தின் பிரதி பணிப்பாளரிடம் இருக்கிறது, திங்கட்கிழமை வாங்கிப் பார்க்கிறேன். அதற்கிடையில் 210,000 என்ற எண்ணையும் பெப்ரவரி மின்னஞ்சலையும் கணக்காய்வாளருக்கு அனுப்பிவிடுகிறேன். 40 ரூபா பற்றிய வரியை மட்டும் வரைவில் மஞ்சள் நிறத்தில் விட்டுவைக்கிறேன்.

நெல் ஆலை ஐயா எழுதியது:

இவ்வளவு கணக்கும் ஒருவருக்கு 900 ஒப்ஷனுக்குத்தானா?